வேன் வரும் நேரத்திலிருந்து பின்னோக்கி

கல்யாண வீட்டில் முகூர்த்தம் ஆறு மணி என்றால் எல்லாக் கணக்கும் அந்த ஆறு மணியிலிருந்து பின்னால்தான் போகும். மாப்பிள்ளை எத்தனை மணிக்கு மேடைக்கு வர வேண்டும், அதற்குமுன் காசி யாத்திரைக்கு எவ்வளவு நேரம், அதற்குமுன் அலங்காரத்துக்கு எவ்வளவு, நாதஸ்வரக்காரர் எப்போது மண்டபத்தில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். சமையல்காரர் பந்தி நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, நள்ளிரவில் எப்போது அடுப்பு மூட்ட வேண்டும் என்று முடிவு செய்வார். முகூர்த்தம் நகராது என்பது எல்லோருக்கும் தெரியும். மற்றதெல்லாம் அதற்கு ஏற்ப நகரும்.

பள்ளி வேனும் நகராது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் காலை நேரத்தை முன்னோக்கித்தான் எண்ணுகிறார்கள். ஆறு மணிக்கு எழுந்திருப்பது, பிறகு பல் துலக்குவது, பிறகு குளிப்பது, பிறகு சாப்பிடுவது, மீதி நேரத்தில் வேனைப் பிடிப்பது. இப்படி எண்ணும்போது ஒவ்வொரு வேலையிலும் விழும் இரண்டு மூன்று நிமிடத் தாமதம் அடுத்ததற்குக் கைமாறி, கடைசியில் ஷூ மாட்டும் இடத்தில் மொத்தமாக வந்து சேர்கிறது. அந்த நேரத்தில் கையில் கிடைப்பவர் வீட்டிலேயே சிறிய குழந்தை. அதனால்தான் காலைத் திட்டு பெரும்பாலும் கடைக்குட்டிக்கே விழுகிறது. தாமதம் அங்கே உண்டாகவில்லை, அங்கே வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

பின்னோக்கி எண்ணும்போது கேள்வியே மாறிவிடுகிறது. ஒரு வேலையை எப்போது தொடங்கலாம் என்பது போய், அதை அதிகபட்சம் எத்தனை மணிக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்பது வந்துவிடுகிறது. 1957-இல் அமெரிக்காவில் டுபான்ட் என்ற ரசாயன நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் பெரிய தொழிற்சாலைப் பணிகளுக்காக உருவாக்கிய திட்ட முறையில் இது ஒரு முக்கியமான படி. முடிவு நாளிலிருந்து பின்னால் நடந்து வந்தால், சில வேலைகளுக்குக் கொஞ்சம் தளர்வு இருப்பதும், சிலவற்றுக்கு ஒரு நிமிடம்கூட இல்லாததும் தெரியவரும். தளர்வில்லாத வேலைகள் ஒன்றோடொன்று கோத்த சங்கிலியாக இருக்கும். அந்தச் சங்கிலியில் எது தாமதித்தாலும் முடிவு தாமதிக்கும். வீட்டுக் காலையிலும் அப்படி ஒரு சங்கிலி இருக்கிறது. அது யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த முறையின் பெரும்பகுதி வேலை.

கோயம்புத்தூரில் லிஃப்ட் இல்லாத ஒரு குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வாழும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன். ஒரே குளியலறை, கழிப்பறையும் அதற்குள்தான். வாஷ்பேசின் மட்டும் வெளியே சாப்பாட்டு மேசைக்கு அருகில் இருக்கிறது. இரண்டு பர்னர் அடுப்பு. தெருமுனையில் வேன் நிற்கும் நேரம் என்று பள்ளி கொடுத்திருப்பது 7.40.

முதல் வேலை, அந்த 7.40 உண்மையா என்று பார்ப்பது. இரண்டு வாரம் வேன் வந்து நின்ற நேரத்தை நாள்காட்டியில் குறித்து வைத்தால் போதும். இந்தக் குடும்பத்தின் குறிப்பில் வேன் சீக்கிரமாக வந்த நாள் 7.36, தாமதமாக வந்த நாள் 7.47. முந்தைய ஸ்டாப்பில் ஏற வேண்டிய குழந்தை விடுப்பு எடுத்தால் வேன் நான்கு நிமிடம் முன்னதாக வந்துவிடுகிறது. ஆகவே கணக்கு தொடங்க வேண்டிய புள்ளி 7.40 அல்ல, சராசரியான 7.41-ம் அல்ல. சீக்கிரமாக வந்த நாளுக்கும் ஒரு நிமிடம் முன்பான 7.35. அந்த நேரத்தில் குழந்தைகள் தெருமுனையில் நின்றுகொண்டிருக்க வேண்டும். சராசரியை எடுத்துக்கொள்ளும் வீடுகள் பாதி நாட்கள் ஓடித்தான் பிடிக்கின்றன.

அடுத்தது, ஒவ்வொரு வேலைக்கும் உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது. இதை மனத்தால் மதிப்பிட்டால் தவறாகவே வரும். தான் செய்யப்போகும் வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். முன்பு எத்தனையோ முறை தாமதமானது நினைவிருந்தாலும், அடுத்த முறையைக் கற்பனை செய்யும்போது எல்லாம் தடையில்லாமல் நடக்கும் ஒரு காட்சியே மனத்தில் வருகிறது. ஷூ மாட்ட எவ்வளவு நேரம் என்று கேட்டால் யாரும் இரண்டு நிமிடம் என்பார்கள். சாக்ஸில் ஒன்று காணாமல் போவது, லேஸ் முடிச்சு விழுவது, தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்ப உள்ளே ஓடுவது, ஐடி கார்டு எங்கே என்று தேடுவது எல்லாம் சேர்ந்து அது ஏழு நிமிடமாகிறது. அளக்கும் வாரத்தில் குழந்தைகளை அவசரப்படுத்தக் கூடாது. அவசரத்தில் ஆகும் நேரத்தை எழுதி வைத்து அதன்மேல் திட்டம் போட்டால், தினமும் அதே அவசரம் வேண்டியிருக்கும். ஐந்து நாள் அளந்ததில் மிக மோசமான ஒன்றை விட்டுவிட்டு, அதற்கு அடுத்ததை எடுத்துக்கொள்வது நல்ல வழக்கம். ஐந்து நாளில் நான்கு நாள் அந்த நேரத்துக்குள் வேலை முடியும்.

இனிப் பின்னோக்கி நடக்கலாம். இரண்டு மாடி இறங்கி, புத்தகப் பையோடு ஏழு வயதுப் பையன் தெருமுனை வரை நடக்க ஆறு நிமிடம். ஆகவே கதவைப் பூட்டும் நேரம் 7.29. ஷூ, பை, பாட்டில் ஆகியவற்றுக்கு ஏழு நிமிடம். அதனால் கதவோரம் வர வேண்டிய நேரம் 7.22.

இந்த இடத்தில் பத்து நிமிடத்தைச் சும்மா விட வேண்டும். எந்த வேலையும் எழுதப்படாத பத்து நிமிடம், 7.12 முதல் 7.22 வரை. பலர் இதை ஒவ்வொரு வேலையிலும் இரண்டிரண்டு நிமிடமாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்த நேரம் தங்குவதில்லை. குளிப்பதற்குப் பத்து நிமிடத்துக்குப் பதில் பன்னிரண்டு நிமிடம் உண்டு என்றால் பன்னிரண்டு நிமிடமும் தண்ணீர் ஓடும், பிறகு சாப்பாட்டில் ஒரு டம்ளர் கவிழ்ந்தால் எடுத்துக்கொள்ள எதுவும் மீதியிருக்காது. ஒரே இடத்தில், கதவுக்கு முன்னால் சேர்த்து வைத்த பத்து நிமிடம் எந்த வேலையில் நேர்ந்த தடங்கலையும் தாங்கும். தடங்கல் இல்லாத நாளில் அந்தப் பத்து நிமிடம் குழந்தைகளுடையது. கதை கேட்கலாம், பால்கனியில் நிற்கலாம். தொலைக்காட்சியும் கைபேசியும் மட்டும் கூடாது. நடுவில் நிறுத்த முடியாத எதையும் அந்த நேரத்தில் தொடங்கினால் அது தடங்கலாகிவிடும்.

ஆக, இருவரும் சாப்பிட்டு, சீருடை போட்டுத் தயாராக இருக்க வேண்டிய நேரம் 7.12. இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது.

மகனுக்குச் சீருடை போட ஏழு நிமிடம். வெள்ளைச் சட்டையில் சட்னி சிந்தாமல் இருக்க, சாப்பிட்ட பிறகுதான் அவனுக்குச் சீருடை. சாப்பிட இருபது நிமிடம். குழந்தை மெதுவாகத்தான் மெல்லும், அதைக் குறைக்க முயல்வதில் பயனில்லை. குளியலறையில் இருபத்திரண்டு நிமிடம். தலை துவட்டி மேசைக்கு வர மூன்று நிமிடம். இப்படிக் கழித்தால் அவன் 6.20-க்குக் குளியலறைக்குள் போக வேண்டும். எழுந்தவுடன் எந்தக் குழந்தையும் முழுதாக விழித்துவிடுவதில்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தபின் கொஞ்ச நேரம் மூளை மந்தமாகவே இருக்கும். சொன்னது காதில் விழாததுபோல் உட்கார்ந்திருப்பது பிடிவாதம் அல்ல. அதற்கென்று பத்து நிமிடம் கொடுத்தால் அவனை எழுப்ப வேண்டிய நேரம் 6.10.

மகளுக்குக் கணக்கு வேறு. அவளே சீருடை போட்டுக்கொள்வாள், பிறகு சாப்பிடுவாள், அதன்பின் அம்மா இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டப் பத்து நிமிடம். 6.40-க்குச் சாப்பிட உட்கார்ந்தால் 7.05-க்கு எல்லாம் முடிந்துவிடும். அவளுக்கு ஏழு நிமிடம் மீதி. பார்த்தால் அவளுக்குத் தளர்வு இருப்பதுபோல் தெரிகிறது, இன்னும் ஐந்து நிமிடம் தூங்கட்டும் என்று அம்மாவுக்குத் தோன்றும். அங்கேதான் பல வீடுகளின் திட்டம் உடைகிறது. குளியலறை ஒன்றுதான். மகன் 6.20-க்கு உள்ளே போக வேண்டுமென்றால் மகள் 6.18-க்கு வெளியே வந்திருக்க வேண்டும். அவள் உள்ளே இருபது நிமிடம் எடுத்துக்கொள்கிறாள் என்றால் 5.58-க்குள் போக வேண்டும், எழுவது 5.50. அவளுடைய தளர்வெல்லாம் குளித்து வெளியே வந்த பிறகுதான். அதற்குமுன் அவள் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் தம்பியின் நிமிடம். அக்கா கண்ணாடி முன் நின்றதற்குத் தம்பி சாப்பாட்டில் திட்டு வாங்குவது இந்தக் கணக்கால்தான்.

நேரத்தை நீட்ட முடியாது. ஆனால் குளியலறைக்குள் நடக்கும் வேலைகளில் அங்கேதான் நடக்க வேண்டியவை எவை என்று பார்க்கலாம். பல் துலக்குவது வெளியே வாஷ்பேசினில் நடக்கலாம். அந்த ஒரு மாற்றத்தில் மகளின் இருபது நிமிடம் பதினைந்தாகிறது, மகனின் இருபத்திரண்டு பதினேழாகிறது. மகள் உள்ளே குளிக்கும்போதே மகன் வெளியே பல் துலக்கி முடித்துவிடுகிறான். இப்போது மகன் 6.25-க்கு உள்ளே போனால் போதும், மகள் 6.08-க்குப் போனால் போதும், அவள் எழும் நேரம் 6.00. யாரையும் விரட்டாமல் பத்து நிமிடத் தூக்கம் திரும்பக் கிடைத்தது. துண்டும் மாற்றுடையும் முன்கூட்டியே உள்ளே கொக்கியில் தொங்கினால், கதவைத் திறந்து துண்டு கேட்கும் குரலும் நின்றுவிடும்.

இதே கண்ணோட்டத்தில் பெரியவர்களின் குளியலையும் பார்க்க வேண்டும். அப்பா அலுவலகத்துக்குக் கிளம்புவது 8.30-க்கு. அவர் 6.00 மணிக்கும் 6.45-க்கும் இடையே குளிக்க எந்தத் தேவையும் இல்லை. குழந்தைகளை வேனில் ஏற்றிவிட்டு வந்து 7.50-க்குக் குளிக்கலாம். வேனுக்கு முன்னால் முடிய வேண்டிய வேலை எது, பின்னால் போகக்கூடியது எது என்ற பிரிப்பைப் பெரும்பாலான வீடுகள் செய்வதே இல்லை. எழுந்தால் குளிப்பது என்ற பழக்கம் அப்படியே தொடர்கிறது. அம்மா குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவார் என்றால் அவருடைய முறை முன்னதாகவே முடிந்துவிட வேண்டும். மகள் எழுவதற்குள் குளியலறை காலியாக இருக்கும்.

குளியலறைக்கு அடுத்த நெருக்கடி அடுப்பு. 6.40-க்கு மகளின் தட்டில் சாப்பாடு விழ வேண்டும். 7.12-க்கு டிபன் பாக்ஸ் மூடியிருக்க வேண்டும். இந்த இரண்டு நேரமும் தெரிந்துவிட்டால், எந்தச் சமையல் வேலை நாளுக்கு ஏற்றது என்பதும் தெரிந்துவிடுகிறது.

தோசை ஒருவரை அடுப்போடு கட்டிப்போடும். ஒரு தோசைக்கு இரண்டு மூன்று நிமிடம் என்றால் நால்வருக்குப் பத்துப் பன்னிரண்டு தோசை வார்க்க அரை மணி நேரம் கல்லை விட்டு நகர முடியாது. அதே மாவில் இட்லி ஊற்றினால் எல்லோருக்கும் ஒரே ஈடு. தண்ணீர் கொதிக்க ஐந்தாறு நிமிடம், வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், துணியிலோ தட்டிலோ ஒட்டாமல் எடுக்க மூன்று நான்கு நிமிடம் ஆற வேண்டும். மொத்த நேரம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் அந்த நேரத்தில் கை சும்மா இருக்கிறது. அடுப்பில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஆள் வேறு வேலைக்குப் போகலாம். கணக்கில் எழுத வேண்டியது அடுப்பின் நேரம் ஒன்று, ஆளின் நேரம் ஒன்று என இரண்டு. தோசைக்கு இரண்டும் ஒன்று, இட்லிக்கு இரண்டும் வேறு. 6.15-க்கு இட்லிப் பானையில் தண்ணீர் வைத்தால் 6.40-க்குத் தட்டில் இட்லி இருக்கும். தோசை சனி ஞாயிறுக்கு.

மதியச் சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே எல்லோரும் தவறவிடும் நேரம் ஒன்று உண்டு. குக்கர் வைத்து மூன்று விசில் வரப் பன்னிரண்டு நிமிடம் என்று எண்ணுகிறார்கள். அணைத்த பிறகு ஆவி தானாக அடங்க இன்னொரு பத்து நிமிடம் ஆகும். அதன்பிறகு சாதத்தை அகலமான தட்டில் கொட்டி உதிரியாக ஆற விட வேண்டும், சுடச்சுடக் கிளறினால் குழைந்துவிடும். அதற்குப் பத்து நிமிடம். தாளித்துக் கிளற எட்டு நிமிடம். 6.50-க்குச் சாதம் தயாராக இருக்க வேண்டுமென்றால் 6.10-க்கே குக்கர் அடுப்பில் ஏறியிருக்க வேண்டும். கிளறிய சாதத்தைச் சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்துச் சாதம் சவசவத்து, வெயில் நாளில் மதியத்துக்குள் வாடையும் வந்துவிடும். ஆகவே திறந்த பாத்திரத்தில் கால் மணி நேரம் விட வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில்தான் அம்மா மகளுக்குப் பின்னல் போடுகிறார். பின்னலுக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, சாதம் ஆறும் நேரத்துக்குள் அது அடங்கிவிடுகிறது.

வறுவல் இன்னொரு பர்னரில், குக்கர் இறங்கியவுடன் ஏறுகிறது. சட்னி அரைக்கும் ஐந்து நிமிடம் இட்லி வேகும் நேரத்துக்குள். காபிக்குப் பால் காய்ச்சுவது குக்கருக்கு முன். இப்படி அடுக்கினால் அம்மா 5.30-க்கு எழுந்தால் போதும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உருளைக்கிழங்கு நறுக்குவது, தேங்காய் துருவுவது, சீருடை தேடுவது மூன்றும் காலையில் நடந்தால் கிட்டத்தட்ட அரை மணி நேரம் கூடுதலாக ஆகும், எழும் நேரம் 5.00 ஆகிவிடும். இந்த வேலைகள் முதல் நாள் இரவுக்குப் போக வேண்டும். நறுக்கிய உருளைக்கிழங்கைத் தண்ணீரில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கறுக்காது. துருவிய தேங்காய் மூடிய டப்பாவில் ஒரு நாள் தாங்கும்.

இரவுக்கு மாற்றுகிற வேலைகளை அம்மாவின் தலையில் மொத்தமாக வைத்தால் காலை அவசரம் இரவு அவசரமாக இடம் மாறும், வேறொன்றும் நடக்காது. பை அடுக்குவது குழந்தைகளின் வேலை, அதுவும் தூங்கப் போகும்போது அல்ல, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால். டைரியில் கையெழுத்து, கட்டணச் சீட்டு, நாளைக்கு வேண்டிய சார்ட் பேப்பர் போன்றவை ஏழு மணிக்குத் தெரிந்தால் கடை திறந்திருக்கும். ஒன்பதரைக்குத் தெரிந்தால் காலையில் அழுகைதான். மறுநாள் எந்தச் சீருடை என்று பார்த்து எடுத்து வைப்பதும், ஷூவையும் சாக்ஸையும் கதவோரம் வைப்பதும், மொட்டை மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவதும் அப்பாவின் வேலையாக இருக்கலாம். காலையில் ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வராமல் போவதைவிடப் பெரிய தடங்கல் இந்தத் திட்டத்துக்கு இல்லை. கோடையில் மின்தடைக்கும் இரவு மோட்டார்தான் மருந்து.

இவ்வளவு தூரம் பின்னோக்கி வந்த பிறகும் கணக்கு எழும் நேரத்தில் நின்றுவிடுவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை. இரண்டாம் வகுப்பு மகன் 6.10-க்கு எழ வேண்டும். ஒன்பதரை மணி நேரம் வேண்டுமென்றால் 8.40-க்குத் தூங்கியிருக்க வேண்டும், 8.20-க்குப் படுக்கையில் இருக்க வேண்டும். பதின்மூன்று வயது மகள் எட்டரை மணி நேரம் தூங்க 9.30-க்குள் கண் மூட வேண்டும். அம்மா ஏழு மணி நேரம் தூங்க 10.30. ஆக, வேன் 7.35-க்கு வருகிறது என்றால் முந்தைய நாள் இரவுச் சாப்பாடு 7.30-க்கு மேசையில் இருக்க வேண்டும்.

இந்த முறை பல வீடுகளில் இங்கேதான் முட்டுகிறது, அதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. அப்பா வீடு திரும்ப ஒன்பது மணி ஆகும் வீட்டில், அவர் முகத்தைப் பார்க்காமல் மகன் தூங்க மாட்டான். பருவ வயதுப் பிள்ளைகளின் உடலில் இரவுத் தூக்கம் வரும் நேரமே இயல்பாகத் தள்ளிப்போகிறது, மகள் 9.10-க்குப் படுத்தாலும் விழித்துக்கொண்டிருக்கலாம். எழுந்தவுடன் ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சத்தில் நிற்க வைப்பதும், இரவு படுப்பதற்கு முன் திரை வெளிச்சத்தைத் தவிர்ப்பதும் அந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னால் இழுக்கும். சனி ஞாயிறு எட்டரை வரை தூங்கினால் திங்கள் காலை திரும்பவும் முதலிலிருந்துதான். விடுமுறை நாளிலும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல் இருந்தால் திங்கட்கிழமை மற்ற நாட்களைப்போலவே போகும்.

திட்டம் சரியாக ஓடுகிறதா என்பதை அந்தப் பத்து நிமிட வெற்றிடமே காட்டிக்கொடுக்கும். வாரத்தில் ஒரு நாள் அது செலவானால் கவலையில்லை, அதற்காகத்தான் இருக்கிறது. மூன்று நாள் செலவானால் ஏதோ ஒரு வேலைக்குக் குறைவாக நேரம் எழுதப்பட்டிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க எளிய வழி, வீட்டில் குரல் உயரும் நேரத்தைக் குறித்துக்கொள்வது. அது கிட்டத்தட்ட தினமும் ஒரே நேரத்தில் வரும். இந்தக் குடும்பத்தில் 6.55-க்குச் சத்தம் வந்தது, “சாப்பிடுடா” என்று. மகன் மெதுவாகச் சாப்பிட்டதால் அல்ல. அவன் 6.52-க்குத்தான் மேசைக்கு வந்தான், கீசர் காரணமாக. அக்கா குளித்ததும் பதினைந்து லிட்டர் கீசரில் சுடுநீர் தீர்ந்துபோய், அது திரும்பச் சூடாகும்வரை அவன் உள்ளே காத்திருந்தான். மார்கழிக் குளிரில் அப்படி ஆனது. அக்கா குளிக்கப் போகும் முன்பே அவனுக்கு ஒரு வாளி சுடுநீர் பிடித்து மூடி வைத்ததும் 6.55-இன் சத்தம் நின்றது. சத்தம் கேட்கும் இடம் பெரும்பாலும் தவறு நடந்த இடம் அல்ல, அதற்குப் பத்து நிமிடம் முந்தைய வேலையில் தேட வேண்டும்.

மழை நாளுக்குத் தனிக் கணக்கு வேண்டும். ரெயின்கோட் மாட்ட மூன்று நிமிடம், நடக்க நான்கு நிமிடம் கூடுதல். வெற்றிடத்தில் ஏழு நிமிடம் போய் மூன்று மிஞ்சும், அன்று வேனும் வழக்கமாகத் தாமதமாகத்தான் வரும். அடைமழைக் காலத்தில் வெற்றிடத்தைப் பதினைந்து நிமிடமாக்க விரும்பினால் எல்லோரும் ஐந்து நிமிடம் முன்னதாக எழ வேண்டியதுதான், வேறு குறுக்குவழி இல்லை.

திட்டத்தைச் சுவரில் எழுதி ஒட்டும்போது, கடிகார நேரத்தோடு ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நிமிடங்களையும் எழுதி வைப்பது நல்லது. ஜூன் மாதம் புதிய பிள்ளைகள் சேர்ந்து வேனின் வழி மாறும்போது கடிகார நேரம் எல்லாம் பயனற்றுப் போகும், நிமிடங்கள் அப்படியே இருக்கும். இந்தக் குடும்பத்துக்கு வேன் பதினைந்து நிமிடம் முன்னதாக வரத் தொடங்கியது, நிற்க வேண்டிய நேரம் 7.20. அப்படியே கழித்தால் மகள் 5.45-க்கு எழ வேண்டும். மகன் எட்டு மணிக்கே படுக்கலாம், மகளுக்கு டியூஷன் முடிவதே எட்டரை, அவளால் முன்னதாகப் படுக்க முடியாது. குறைக்க வேண்டியது அவள் தூங்கும் நேரத்தை அல்ல, அவளுக்குப் பின்னால் குளியலறையில் காத்திருக்கும் தம்பியின் பதினேழு நிமிடத்தை. அவன் மாலையில் விளையாடி வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு, காலையில் முகம் கை கால் கழுவிக்கொள்வது என்று மாற்றினார்கள். குளியலறையில் அவன் நேரம் ஒன்பது நிமிடமானது. மகள் 5.53-க்கு எழுந்தாள், மகன் 6.03-க்கு. பால் காய்ச்சுவதும் இட்லிப் பானையில் தண்ணீர் வைப்பதும் அப்பாவின் கைக்குப் போனதால் அம்மா 5.15-க்குப் பதில் 5.25-க்கு எழுந்தால் போதுமானதாக இருந்தது. கதவோரப் பத்து நிமிடம் மட்டும் தொடப்படாமல் 6.57-க்கும் 7.07-க்கும் இடையே அப்படியே இருந்தது.